எடிட்டர் கேட்பது ‘எடிட்டர்’ அனுமதி அல்ல

பட்டுச் சேலைக் கடை வைத்திருக்கும் ஒருவரின் இணையதளத்தில் முப்பத்தைந்து கட்டுரைகள் இருந்தன. அவற்றைச் செம்மைப்படுத்தித் தரும் வேலை எனக்கு வந்தது. எந்தக் கட்டுரையை யார் படிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றேன். அன்று இரவே வாட்ஸாப்பில் அவருடைய ஜிமெயில் பாஸ்வேர்டு வந்து விழுந்தது. “உள்ள போய் எல்லாத்தையும் பாத்துக்கங்க சார்.”

உடனே பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். மறுநாள் அவர் முறையாகவே அனுமதி கொடுத்தார், ஆனால் ‘Editor’ என்று. அவர் மேல் தப்பில்லை, நான் எடிட்டர்தானே! கூகுள் அனலிட்டிக்ஸில் அந்தப் பெயருக்கு அர்த்தம் வேறு. அளவிடும் அமைப்புகளை மாற்றவும் அழிக்கவும் உரிமை உள்ளவர்தான் அங்கே ‘Editor’. எழுத்தைத் திருத்துகிறவருக்கு அது எதற்கு? பார்த்துவிட்டு வெளியே வர ‘Viewer’ போதும். அதற்குப் பிறகு வேலை தொடங்கும்போதே ஒரு கடிதம் அனுப்பிவிடுகிறேன்:

“வணக்கம் சார். உங்கள் தளத்தின் கணக்கைப் பார்க்க மட்டும் எனக்கு அனுமதி வேண்டும். பாஸ்வேர்டு வேண்டாம். அனலிட்டிக்ஸில் ‘Admin’ பக்கம் போய் ‘Property access management’ திறந்து, கூட்டல் குறியை அழுத்தி, என் மின்னஞ்சலைச் சேர்த்து ‘Viewer’ என்று தேர்ந்தெடுங்கள். விற்பனைத் தொகையை நான் பார்க்க வேண்டியதில்லை; அதே இடத்தில் ‘No Revenue Metrics’ என்பதையும் டிக் செய்யுங்கள். சர்ச் கன்சோலில் ‘Settings’, பிறகு ‘Users and permissions’. அங்கே ‘Restricted’ போதும். கட்டுரைப் பக்கங்களை மட்டும் பார்ப்பேன்: எந்தத் தேடலில் வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், கடைசிவரை போகிறார்களா. விளம்பரச் செலவு, ஆர்டர் விவரம் எதையும் திறக்கமாட்டேன். வேலை முடிகிற அன்று நினைவுபடுத்துகிறேன், என் பெயரை நீக்கிவிடுங்கள்.”

‘Account’ என்பதற்குக் கீழும் இதே மாதிரி ஒரு பட்டியல் உண்டு. அதில் சேர்த்தால் அந்தக் கணக்கில் உள்ள எல்லாத் தளங்களும் எனக்குத் தெரியும். கடைக்காரரின் மச்சான் நடத்தும் மெஸ்ஸின் கணக்கு எனக்கெதற்கு? அதனால்தான் ‘Property’ என்று பெயர் சொல்லிக் கேட்கிறேன்.

உள்ளே போய் என்ன பார்ப்பேன்? ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம். தலைப்பு, ‘பட்டுச் சேலைப் பராமரிப்பு’. மூன்று மாதத்தில் ‘பட்டுச் சேலை எண்ணெய்க் கறை’ என்ற தேடலில் இது 2,000 முறை கண்ணில் பட்டு, 20 பேர் மட்டும் உள்ளே வந்தார்கள் என்று சர்ச் கன்சோல் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். இடம் ஆறாவது. முதல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனாலும் நூற்றுக்கு ஒருவர்தான் தொடுகிறார். கறையைத் தேடி வந்தவருக்குத் தலைப்பில் கறை என்ற சொல்லே இல்லை. தலைப்பை மாற்ற வேண்டும்.

அடுத்து அனலிட்டிக்ஸ். ஐந்து நிமிடம் படிக்க வேண்டிய கட்டுரையில் சராசரியாக 25 விநாடிதான் இருக்கிறார்கள். கட்டுரையைத் திறந்து பார்த்தால் முதல் நான்கு பத்தியும் பட்டின் வரலாறு. கறை நீக்கும் வழி ஒன்பதாவது பத்தியில். அதைத் தூக்கி மேலே வைப்பேன்.

இங்கேதான் ஏமாறவும் இடமுண்டு. பதில் முதல் பத்தியிலேயே கிடைத்திருந்தால் 25 விநாடியில் திருப்தியோடு போயிருப்பார். அதே எண், நேர் எதிரான காரணம். எண் சந்தேகத்தைத்தான் கிளப்பும், தீர்ப்பைக் கட்டுரையைப் படித்துத்தான் சொல்ல முடியும். பக்கத்தில் 90 சதவீதம் கீழே போனால்தான் அனலிட்டிக்ஸ் ‘scroll’ என்று தானாகப் பதியும். கட்டுரைக்கு அடியில் நீளமான சேலைப் படங்கள் தொங்கினால், முழுதாகப் படித்தவர்கூட அந்தக் கணக்கில் வரமாட்டார்.

மாதங்களை ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். தீபாவளிக்கு முன் சேலைத் தேடல் ஏறும், பிறகு இறங்கும். ஐப்பசியோடு மார்கழியை ஒப்பிட்டால் என் திருத்தம் கட்டுரையைக் கெடுத்த மாதிரி தெரியும். போன வருடத்தின் அதே மாதங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கை மட்டுமே வைத்திருப்பதால், அப்படி ஒப்பிடக் கடைசி நான்கு மாதம்தான் கையில் இருக்கும். அனுமதியை வேலை தொடங்கும் நாளிலேயே கேட்பது இதற்காகவும்தான்.

வேலை முடிந்து ஒரு வருடம் ஆன பிறகும், பழைய வாடிக்கையாளர்கள் இருவருடைய தளங்கள் என் திரையில் அப்படியே திறக்கின்றன. இரண்டு முறை எழுதிக் கேட்டும் பெயரை நீக்கவில்லை. சொந்தத் தளம் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அந்தப் பட்டியலைத் திறந்து, யார் யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.