பெயர்ப் பலகைக்குப் பின்னால் யார்?

கூகுள் பிளே ஸ்டோரில் சப்வே சர்ஃபர்ஸ் விளையாட்டின் பக்கத்தைத் திறந்தால், தலைப்புக்குக் கீழே SYBO Games என்று இருக்கும். உருவாக்கியவர், வெளியிட்டவர், சொந்தக்காரர் எல்லாமே இந்த ஒரு நிறுவனம்தான் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. அந்த இடத்தில் வருவது பிளே ஸ்டோரில் கணக்கு வைத்திருப்பவரின் பெயர். கணக்கு யார் பெயரில் இருந்தாலும் கூகுள் அவரை ‘டெவலப்பர்’ என்றே அழைக்கும். நிரல் எழுதியவராக அவர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பழைய கதையைத் தெரிந்துகொள்ள, அதே பக்கத்தை உலாவியில் திறந்து முகவரியைப் பாருங்கள். கடைசியில் இப்படி இருக்கும்:

```
id=com.kiloo.subwaysurf
```

இதற்குப் பேக்கேஜ் பெயர் என்று பெயர். செயலியை முதன்முதலில் ஏற்றும்போது வைப்பது. அதன்பின் மாற்ற முடியாது. செயலியை வேறொரு கணக்குக்கு மாற்றிக் கொடுத்தாலும் இந்தப் பெயர் கூடவே போகும். பக்கத்தில் சைபோ என்றும் முகவரியில் கிலூ என்றும் இருக்கிறதே, ஏன்? இரண்டுமே டென்மார்க் நிறுவனங்கள். 2012இல் இந்த விளையாட்டு வந்தபோது சைபோவும் கிலூவும் சேர்ந்து உருவாக்கின; வெளியீட்டாளராக இருந்தது கிலூ. பிறகு வெளியிடும் பொறுப்பு சைபோவிடம் வந்தது. பக்கத்தில் பெயர் மாறியது, முகவரியில் மாறவில்லை.

இனி உரிமையாளர். 2022இல் சைபோவை மினிகிளிப் என்ற நிறுவனம் வாங்கியது. அந்த மினிகிளிப்பின் பெரும்பான்மைப் பங்குகளைச் சீனாவின் டென்சென்ட் 2015இலேயே வாங்கியிருந்தது. ஆகவே உரிமைச் சங்கிலியின் உச்சியில் இருப்பது டென்சென்ட். ஆனால் ஸ்டோர் பக்கத்தில் ‘உரிமையாளர்’ என்று ஒரு கட்டமே கிடையாது. நிறுவனம் கைமாறினாலும் பழைய கணக்கு அதே பெயரில் தொடரலாம் என்பதால், பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு விற்பனை நடந்ததே தெரியாது. வாட்ஸ்அப்பும் அப்படித்தான். அதை ஃபேஸ்புக் 2014இல் வாங்கியது. பிளே ஸ்டோரில் இருப்பதோ WhatsApp LLC.

சங்கிலியைப் பிடிக்க, பக்கத்தின் கீழ்ப்பகுதிக்குப் போங்கள். தொடர்பு விவரங்களில் மின்னஞ்சலும் தனியுரிமைக் கொள்கைக்கான இணைப்பும் இருக்கும். அந்தக் கொள்கை சட்ட ஆவணம் என்பதால், உங்கள் தகவலுக்குப் பொறுப்பான நிறுவனத்தின் பதிவுப் பெயர் பெரும்பாலும் அதில் இருக்கும். ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் விவரப் பகுதியில் ‘விற்பனையாளர்’ என்ற வரியும் பதிப்புரிமை வரியும் தனித்தனியாக வரும். இரண்டும் வேறு வேறு பெயரானால், வெளியிடுபவர் ஒருவர், படைப்பின் உரிமை இன்னொருவரிடம் என்று சந்தேகிக்க இடமுண்டு. கணினி விளையாட்டுகளுக்கான ஸ்டீம் தளம் இன்னும் தெளிவு: டெவலப்பர், பப்ளிஷர் என இரண்டு வரிகள் உண்டு. உரிமையாளர் அங்கும் இல்லை. கிடைத்த பதிவுப் பெயரை வைத்து, வாங்கிய நிறுவனத்தின் ஆண்டறிக்கையையோ கையகப்படுத்தல் அறிவிப்பையோ தேட வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

பேக்கேஜ் பெயரையே முழுச் சான்றாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஏற்கெனவே ஸ்டோரில் இருக்கும் பெயரை இன்னொருவர் எடுக்க முடியாதுதான். ஆனால் புதுப் பெயரில் எந்தச் சொல்லையும் யாரும் நுழைக்கலாம். போலிச் செயலிகள் ஒரே ஓர் எழுத்தை மாற்றி ஏமாற்றுவது இந்த வழியில்தான்.

இந்தக் கேள்வி நம் நாட்டில் பெரிதாக எழுந்தது பப்ஜி விஷயத்தில். 2020 செப்டம்பரில் இந்திய அரசு தடை செய்த பப்ஜி மொபைலின் பேக்கேஜ் பெயர் `com.tencent.ig`. 2021 ஜூலையில் வந்த பிஜிஎம்ஐயின் பெயர் `com.pubg.imobile`. அதன் பக்கத்தில் இருப்பது தென்கொரியாவின் கிராஃப்டன். பப்ஜி என்ற படைப்பு கிராஃப்டனுடையது. அதன் மொபைல் வடிவத்தை உருவாக்கியது டென்சென்டின் ஸ்டுடியோ. பெயரும் வெளியீட்டாளரும் மாறியபின் டென்சென்ட் முற்றிலும் விலகிவிட்டது என்று பலர் நினைத்தார்கள். கிராஃப்டனில் டென்சென்டுக்குக் கணிசமான பங்கு உண்டு. பங்கு வைத்திருப்பது வேறு, நிறுவனத்தையே சொந்தமாக்கிக்கொள்வது வேறு. இதை ‘டென்சென்டின் விளையாட்டு’ என்று சொல்வதும் தவறு, ‘டென்சென்டுக்குத் தொடர்பே இல்லை’ என்று சொல்வதும் தவறு.

பிள்ளைகளின் கைபேசியில் ஒரு விளையாட்டை ஏற்றும் முன், தலைப்புக்குக் கீழே உள்ள பெயரோடு நின்றுவிடாதீர்கள். தனியுரிமைக் கொள்கையைத் திறந்து, அதில் உள்ள நிறுவனப் பெயரையும் தேடிப் பாருங்கள். விளையாட்டு சேகரிக்கும் தகவலைப் பற்றிக் கேள்வி எழுந்தால், பதில் சொல்ல வேண்டியது அந்த நிறுவனம்தான்.