மருத்துவமனைக்கு எந்த மேகம்?

2022 நவம்பர் 23-ஆம் தேதி காலையில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் செயலிழந்தன. தரவுகளைப் பூட்டிவைத்துப் பணயம் கேட்கும் தீநிரல் அதன் சர்வர்களுக்குள் புகுந்திருந்தது. வெளிநோயாளி பதிவு, ஆய்வக முடிவு, கட்டணம் என அனைத்தும் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் பேனாவுக்கும் காகிதத்துக்கும் திரும்பின. பாதிக்கப்பட்ட ஐந்து சர்வர்களும் மருத்துவமனையே நிர்வகித்து வந்தவை. உள் வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. நோயாளிகளின் தரவு மீண்டதோ, தாக்குதலுக்கு உள்ளாகாத வேறொரு சர்வரில் இருந்த நகலிலிருந்து.

'நம் தரவு நம் வளாகத்துக்குள் இருந்தால் பாதுகாப்பு' என்று நம்பும் நிர்வாகிகள் இந்த நிகழ்வை ஊன்றிப் படிக்க வேண்டும்.

மேகக் கணிமையின் பெயர்களே முதலில் குழப்புகின்றன. 'பொது மேகம்' பெரும்பாலும் தனியார் பெருநிறுவனங்களுடையது. பொது என்பதற்கு, பணம் செலுத்தும் எவரும் பயன்படுத்தலாம் என்பதே பொருள். 'தனி மேகம்' ஒரே நிறுவனத்துக்காக மட்டும் இயங்குவது. அரசு மருத்துவமனையும் அதை வைத்துக்கொள்ளலாம். ஒரே வகைத் தேவையும் ஒரே வகைச் சட்டக் கட்டுப்பாடும் கொண்ட பல நிறுவனங்கள் தமக்குள் பகிர்ந்துகொள்வது 'சமூக மேகம்'. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2011-இல் வகுத்த இந்தப் பாகுபாடே இன்றும் பொதுவாகப் பின்பற்றப்படுகிறது.

ஒரு மாவட்டத் தலைநகரில் ஐந்நூறு படுக்கைகள் கொண்ட மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். அங்கு நாளொன்றுக்கு 60 சி.டி. ஸ்கேன்; ஒவ்வொன்றும் 500 எம்.பி. என்று கொண்டால் நாளைக்கு 30 ஜி.பி., ஆண்டுக்குச் சுமார் 11 டி.பி. சேரும். பொது மேகத்தில் வைத்த ஒரு ஸ்கேனை 100 எம்.பி.பி.எஸ். இணைய இணைப்பில் இறக்க, இணைப்பு முழு வேகத்தில் இயங்கினாலே 40 விநாடிகள் ஆகும். வளாகத்தின் கிகாபிட் வலையமைப்பில் அது 4 விநாடி வேலை. பக்கவாதத்துடன் வந்த நோயாளியின் முன் நிற்கும் மருத்துவருக்கு இந்த வேறுபாடு சிறிதன்று. சாலை தோண்டுபவர் கேபிளைத் துண்டித்துவிட்டால் 40 விநாடியும் கிடைக்காது.

ஆனால், இதைவிடப் பெரிய சிக்கல் வெளியேறும்போது வரும். பொது மேகத்தில் தரவை ஏற்றுவதற்குப் பொதுவாகக் கட்டணமில்லை, இறக்குவதற்கு உண்டு. ஐந்து ஆண்டுகளில் சேர்ந்த 55 டி.பி. தரவை அதே இணைப்பின் வழியே திரும்பப் பெற, இரவு பகலாக இறக்கினாலும் 51 நாள்கள் ஆகும். ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் நாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

பல்கலைக்கழகத்தின் நிலை வேறு. தேர்வு முடிவு வெளியாகும் ஒரு மணி நேரத்தில் லட்சக்கணக்கானோர் மொய்ப்பார்கள். மற்ற நாள்களில் சர்வர் சும்மா இருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காக இயந்திரங்களை விலைக்கு வாங்குவது வீண். பயன்படுத்திய அளவுக்கு மட்டும் வாடகை தரும் பொது மேகமே அங்கு பொருத்தம்.

சரி, சர்வர் அறையைத் தனியே காக்கும் வசதியற்ற சிறு மருத்துவமனைகள் என்ன செய்வது? இரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கை வந்தால் எழுந்து பார்க்கும் பொறியாளரை ஒரு நூறு படுக்கை மருத்துவமனை அமர்த்த இயலாது. இருபது மருத்துவமனைகள் சேர்ந்தால் ஒரு குழுவையே அமர்த்தலாம். சமூக மேகத்தின் உண்மையான பயன் இதுவே. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பகிர்ந்து பயன்படுத்தும் 'பிடபிள்யூகிளவுட்' இத்தகைய ஏற்பாடுதான். இதன் பலவீனம் தொழில்நுட்பத்தில் இல்லை. ஓர் உறுப்பினர் பங்குத்தொகை தராவிட்டால் என்ன செய்வது, மென்பொருளில் கண்ட ஓட்டையை அடைக்க அனைவரின் சேவையையும் நிறுத்த ஆணையிடுபவர் யார் என்பன எழுத்தில் இல்லையென்றால், முதல் நெருக்கடியிலேயே கூட்டு கலையும்.

எந்த மேகமாயினும் பொறுப்பு கைமாறாது. 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தரவைக் கையாளும் பணியை வேறொருவரிடம் ஒப்படைத்தாலும் மருத்துவமனையே பதில் சொல்ல வேண்டும். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். பொது மேக நிறுவனங்கள் கட்டடத்தையும் இயந்திரத்தையும் காக்கும். யாருக்கு எந்தக் கடவுச்சொல், எந்தக் கோப்பு எவருக்குத் திறந்திருக்கிறது என்பது வாடிக்கையாளரின் வேலை.

ஆகவே, இந்த ஐந்நூறு படுக்கை மருத்துவமனைக்கு ஒரே மேகம் போதாது. அண்மை மாதங்களின் படங்களும் அன்றாடப் பதிவுகளும் வளாகத்துக்குள் இருக்கட்டும். பழைய படங்களும் நகல்களும் மறையாக்கம் செய்யப்பட்டு வெளியே போகட்டும். குறித்த காலம் வரை நிர்வாகியாலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி இப்போது பொது மேகத்தில் கிடைக்கிறது. ஒரே நிறுவனத்தை மட்டும் நம்புவதும் ஆபத்தே. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் மேகக் கணக்கு கூகுளின் அமைப்புப் பிழையால் அழிந்தபோது, வேறொரு நிறுவனத்திடம் இருந்த நகலும் மீட்புக்குக் கைகொடுத்தது.

நகல் இருக்கிறதா என்று கேட்டால் எல்லா இடங்களிலும் 'இருக்கிறது' என்றே பதில் வரும். கேட்க வேண்டியது, கடைசியாக எந்த நாளில் அந்த நகலைக் கொண்டு ஒரு வெற்றுச் சர்வரில் முழுப் பதிவேட்டையும் மீட்டுப் பார்த்தார்கள், அதற்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதை.