விழுந்த மண்ணை அள்ளுவதற்கு முன்

சாலையில் மண் சரிந்துவிட்டால் முதலில் வந்து சேர்வது ஜேசிபி. பால் வண்டி போக வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் போக வேண்டும், ஆஸ்பத்திரிக்கு யாரையாவது தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். அவசரம் நியாயமானதுதான். ஆனால் பல இடங்களில் இரண்டாவது சரிவைக் கூப்பிட்டு வருவதும் அந்த அவசரமே. கீழே குவிந்து கிடக்கும் மண், மேலே இன்னும் விழாமல் நிற்கும் மண்ணுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதை அடியிலிருந்து வாரினால் மேலே நிற்பதும் இறங்கிவிடும். நிலவியலாளர் தரும் கள ஆய்வறிக்கையில் இந்த எச்சரிக்கை பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, கோத்தகிரிப் பக்கம் ஒரு சிற்றூருக்குப் போகும் ஒற்றைச் சாலையில் சரிவு ஏற்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் காயமில்லை, போக்குவரத்து மட்டும் நின்றுபோயிருக்கிறது. இப்படிப்பட்ட ஒரு சரிவை நிலவியலாளர் எப்படிப் படிக்கிறார்?

அவர் மண் குவியலைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. பக்கவாட்டில், சரியாத தரை வழியாகச் சுற்றி மேலே ஏறுகிறார். சரிவின் உச்சிதான் அவருக்கு முக்கியம். அறுந்த விளிம்பிலிருந்து ஆறு மீட்டர் மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில், வில் போல வளைந்த ஒரு வெடிப்பு தெரிகிறது. அகலம் நான்கு சென்டிமீட்டர். காலால் தாண்டிவிடலாம், ஆனால் அதற்குக் கீழே உள்ள தரை முழுவதும் மலையிலிருந்து பிரியத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. வெடிப்புக்குச் சற்று மேலே இரண்டு வீடுகள். சாலையில் விழுந்த மண்ணைவிட இந்த வெடிப்புதான் அவர் குறிப்பேட்டில் அதிக இடம் பிடிக்கும்.

பிறகு டேப்பை விரிக்கிறார். சரிந்த பள்ளத்தின் நீளம் 18 மீட்டர், அகலம் 12, ஆழம் இரண்டரை. மூன்றையும் பெருக்கினால் 540. ஆனால் பள்ளம் பெட்டி போல இருக்காது, பாதியாக வெட்டிய முட்டை போலக் குழிந்திருக்கும். அதனால் பெருக்கி வந்ததில் பாதிக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்வார்கள். சுமார் 283 கன மீட்டர், நம் ஊர்க் கணக்கில் 100 யூனிட். குலைந்த மண் பெருக்கும் என்பதால் அள்ளும்போது இன்னும் கால் பங்கு கூடும். இரண்டு யூனிட் டிப்பர் அறுபது நடைக்கு மேல் போக வேண்டும். அத்தனை மண்ணை எங்கே கொட்டுவது என்பதையும் அறிக்கை சொல்ல வேண்டும். சாலையின் மறுபக்கச் சரிவில் தள்ளிவிட்டால் அடுத்த மழைக்குக் கீழே உள்ள தோட்டம் போய்விடும்.

இனி காரணம். ஊரில் யாரைக் கேட்டாலும் மழை என்பார்கள். மழை உண்மைதான், ஆனால் அதே மழை சாலை நெடுகப் பெய்திருக்கிறது. இந்த இடம் மட்டும் ஏன் விழுந்தது?

அறுந்த முகத்தில் விடை தெரியும். நீலகிரியின் அடிப்பாறை சார்னோக்கைட். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் வெட்டியெடுத்த கருங்கல்லும் இதே வகைதான். வெப்பத்திலும் ஈரத்திலும் பல்லாண்டு கிடந்து இந்தப் பாறை மக்கி, மேலே சிவந்த மண்ணாகவும் அதன் கீழே வெளிறிய களிமண்ணாகவும் மாறியிருக்கிறது. சிவந்த மண் தண்ணீரை உள்ளே விடும், களிமண் எளிதில் விடாது. இறங்கி வந்த நீர் இரண்டுக்கும் நடுவே தேங்கிவிடுகிறது. நிலவியலாளர் அந்தக் களிமண்ணைக் கிள்ளி விரல்களுக்கிடையே உருட்டுகிறார். உடையாமல் நூலாகத் திரிந்து வருகிறது, சோப்புப் போல வழுக்குகிறது. இரண்டு அடுக்கும் சேரும் கோட்டில் இன்னும் நீர் கசிந்துகொண்டிருக்கிறது.

மண் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருப்பதால்தான் சரிவான தரை நிற்கிறது. இடைவெளிகளில் நீர் நிரம்பி அழுத்தம் ஏறும்போது அந்தப் பிடி தளர்கிறது. நனைந்த மண்ணின் எடையும் கூடுகிறது. எடை கூடி, பிடி குறைந்த நேரத்தில் அடியில் முட்டும் இல்லை, ஏனென்றால் சாலையை அகலப்படுத்தியபோது மலையின் காலைக் கிட்டத்தட்ட செங்குத்தாக வெட்டியிருந்தார்கள்.

தண்ணீர் இங்கே மட்டும் இவ்வளவு ஏன் சேர்ந்தது என்பது மிச்சக் கேள்வி. அதற்கு அவர் மழை ஓடிய தடத்தைப் பிடித்து மேலே நடக்கிறார். வீடுகளுக்குப் பின்னால் இருந்த பழைய வாய்க்கால் இலைதழையும் கட்டட இடிபாடும் விழுந்து அடைபட்டிருக்கிறது. வழி இல்லாத நீர் பக்கவாட்டில் திரும்பி இந்தச் சரிவுக்குள் இறங்கியிருக்கிறது. வீட்டுக் கழிவுநீரும் அதே தரையில்தான் ஊறுகிறது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் அவர் கேட்பது ஒன்றுதான்: “கீழே இருக்கிற ஊற்றுத் தண்ணி எப்போ கலங்க ஆரம்பிச்சதும்மா?” தெளிந்த ஊற்று திடீரெனச் செந்நிறமாவது, உள்ளே மண் அரிபடுகிறது என்பதன் அடையாளம். கதவு இறுகி மூடாமல் போவதும், கம்பங்கள் சாய்வதும், மரத்தின் அடி வளைந்து நுனி நிமிர்ந்து நிற்பதும் அப்படித்தான்.

ஆகவே அறிக்கை மழையைக் கடைசி உந்துதல் என்று எழுதும். அடைபட்ட வாய்க்காலையும் வெட்டப்பட்ட மலைக்காலையும் காரணங்கள் என்று எழுதும். இந்தப் பிரிப்பு வெறும் சொல் விளையாட்டு அல்ல. மழையை நிறுத்த யாராலும் முடியாது. வாய்க்காலை மூன்று ஆட்கள் ஒரு நாளில் தூர்வாரிவிடலாம்.

பரிந்துரையும் அந்த வரிசையில்தான் வரும். அன்றைக்கே வெடிப்பைக் களிமண்ணால் அடைத்துத் தார்ப்பாய் விரிக்க வேண்டும். இரண்டு வீட்டாரும் மழை ஓயும்வரை வேறிடம் போக வேண்டும். மேலே ஓடும் நீரைச் சரிவுக்குள் விடாமல் திருப்பிவிட வேண்டும். தொங்கும் மண்ணை மேலிருந்து படிப்படியாக இறக்கிய பிறகே அடியில் கைவைக்கலாம், அதுவும் பகலில், மழை இல்லாதபோது, மேலே ஒருவர் காவல் நிற்க. பிறகு அடியில் கம்பிவலைக்குள் கல் அடுக்கிய சுவர். சிமென்ட் சுவரைவிட இது இங்கே பொருந்தும். கல் இடுக்குகள் வழியே நீர் வெளியேறிவிடும், தரை சற்று அசைந்தாலும் சுவர் உடையாமல் வளைந்து கொடுக்கும். வடிகால் துளை இல்லாத கான்கிரீட் சுவர் பின்னால் தேங்கும் நீரால் தள்ளுண்டு விழுவதை மலைச்சாலைகளில் எத்தனையோ முறை பார்த்தாயிற்று.

ஒரு நாள் பார்வையில் எழுதும் அறிக்கைக்கு எல்லையும் உண்டு. துளையிட்டு ஆழம் பார்க்கவில்லை, மண்ணைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அடுத்த சரிவு எந்தத் தேதியில் என்று யாரும் சொல்ல முடியாது, எந்த இடத்தில் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்துக்கு அப்படித்தான் சொல்லப்பட்டது. அங்கே குடியிருப்பது ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. மலையகத் தமிழ்த் தொழிலாளர்களின் லயன்கள் அதே இடத்தில் இருந்தன. 2014 அக்டோபர் 29 காலை மலை இறங்கி அவற்றை மூடியது.

நம் கிராமச் சாலைக்கான அறிக்கையின் கடைசிப் பத்தி மிக எளிமையானது. வெடிப்பின் இரு கரையிலும் ஒரு முளைக்குச்சி. இரண்டுக்கும் இடையிலான தூரத்தைத் தினமும் காலையில் டேப்பால் அளந்து, ஒரு நோட்டில் தேதியோடு எழுத வேண்டும். வீட்டுச் சுவர் விரிசல்மேல் சிறிது சிமென்ட் பூசித் தேதி கீற வேண்டும். பூச்சு விரிந்தாலோ, குச்சிகளின் தூரம் கூடினாலோ சாலையை உடனே மூடிவிட்டு வட்டாட்சியருக்குச் சொல்ல வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஊரில் பொறுப்பான ஒருவர் ஏற்றுக்கொண்டால் போதும் என்பதால், முதல் அளவை எடுத்துக் காட்டி, நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் நிலவியலாளர் ஜீப்பில் ஏறுகிறார்.