42 பேரும் வந்தாச்சா?

சென்னையிலிருந்து காசிக்கு ரயிலில் போனால் இரண்டு இரவுகள் பெட்டியிலேயே கழியும். விமானத்தில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் வாரணாசியின் பாபத்பூர் நிலையத்தில் இறங்கிவிடலாம். முட்டிவலிக்காரர்களும் எழுபதைத் தாண்டியவர்களும் இப்போது குழுவாகப் பறப்பதற்கு இதுதான் காரணம். அவர்களில் பலர் முதல்முறையாக விமானம் ஏறுகிறவர்கள். அவர்களை அழைத்துப் போகிறவருக்கு, தீர்த்தக்கரையில் செய்யும் வேலையைவிட விமான நிலையத்தின் அந்த இரண்டு மணி நேர வேலைதான் கடினமானது. ரயில் நிலையத்தில் குழு ஒரே நடைமேடையில் நிற்கும். விமான நிலையத்திலோ வாசல், பெட்டி போடும் கவுன்ட்டர், பாதுகாப்புச் சோதனை என்று ஒவ்வொரு கட்டத்திலும் மனிதர்களை ஒற்றை ஒற்றையாகப் பிரித்துத்தான் உள்ளே அனுப்புவார்கள்.

வேலை பெயர்ப் பட்டியலில் தொடங்குகிறது. பொதுவாகப் பத்துப் பேரும் அதற்கு மேலும் என்றால் விமான நிறுவனங்கள் குழுப் பதிவாக எடுத்துக்கொள்கின்றன. முன்பணம் கட்டி இருக்கைகளைப் பிடித்துவிட்டுப் பெயர்களைப் பிறகு தரலாம். இந்த வசதியில் ஒரு ஆபத்தும் உண்டு. கடைசி நாளில் ஆளுக்கொரு போன் போட்டு, வாயால் சொன்ன பெயர்களை எழுதி அனுப்பிவிடுவார்கள். தமிழ்ப் பெயர்களுக்கு இது ஒத்துவராது. டிக்கெட் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கேட்கிறது. நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். கே. முருகேசன் என்பவரின் ஆதாரில் ‘முருகேசன் கே’ என்றிருக்கும். படிவத்தை நிரப்புகிறவர் அவருடைய அப்பா பெயர் தெரிந்த உரிமையில் ‘முருகேசன் கந்தசாமி’ என்று போட்டுவிடுவார். வாசலில் நிற்கும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வீரர் டிக்கெட்டையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, கந்தசாமி யார் என்று கேட்பார்.

பெண்களின் பெயரில் சிக்கல் இன்னும் கூடுதல். கல்யாணத்துக்கு முன் எடுத்த அட்டையில் அப்பாவின் இனிஷியல், பின்னால் எடுத்ததில் கணவரின் இனிஷியல். எந்த அட்டையைப் பார்த்து டிக்கெட் போட்டோமோ அதே அட்டையைத்தான் அந்த அம்மா கையில் கொண்டுவர வேண்டும். எழுத்துக்கூட்டலும் தகராறு செய்யும்; ஒரே சண்முகத்தை ஓர் அட்டை SHANMUGAM என்றும் இன்னொன்று SANMUGAM என்றும் சொல்லும். ஆகவே பெயரைக் காதால் கேட்டு எழுதக்கூடாது. அட்டையின் படத்தை அனுப்பச் சொல்லி, எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுத வேண்டும். டிக்கெட் வந்தபிறகு மறுபடி ஒருமுறை அதே படங்களோடு ஒப்பிட வேண்டும். டிக்கெட் போட்டபின் பெயரைத் திருத்துவது சின்ன எழுத்துப் பிழை அளவுக்குத்தான் சுலபம். ஆளையே மாற்றுவது பெரும்பாலும் முடியாது, முடிந்தாலும் செலவு.

பட்டியல் தயாரானதும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் கொடுத்துவிட வேண்டும். பயணம் முடியும்வரை அந்த எண் மாறக்கூடாது. இதன் பயனை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். 42 பேர் கொண்ட குழுவில் மூன்று லட்சுமிகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்க் குழுவில் இது அதிசயமில்லை. அவர்களில் இருவர் எஸ். லட்சுமி. கவுன்ட்டரில் கட்டாகக் கொடுத்த போர்டிங் பாஸ்களைத் தலைவர் பெயர் பார்த்து விநியோகிக்கிறார். இரண்டு லட்சுமிகளின் பாஸ்களும் இடம் மாறிவிடுகின்றன. பெயர் ஒன்றுதான் என்பதால் சோதனையில் யாருக்கும் சந்தேகம் வராது. இருக்கை மாறி உட்காருவார்கள், அதோடு போனால் பரவாயில்லை. ஆனால் பெட்டியின் சீட்டும் பாஸின் பெயரோடு சேர்ந்தது. ஒரு லட்சுமி கழிவறையில் தாமதித்து விமானத்தைத் தவறவிட்டால், கணினியில் ஏறாதவராகத் தெரிகிறவர் மற்ற லட்சுமி. பெட்டியை ஏற்றிவிட்டு ஆள் ஏறாமல் போனால் அந்தப் பெட்டியை இறக்கிவிடுவது விமானப் பாதுகாப்பு விதி. ஆகவே விமானத்தில் உட்கார்ந்திருப்பவரின் பெட்டி கீழே இறங்கும், தவறவிட்டவரின் பெட்டி காசிக்குப் போகும். பாஸ் கைக்கு வந்ததுமே 17, 31 என்று வரிசை எண்ணைப் பேனாவால் பெரிதாக எழுதிவிட்டால் இத்தனையும் நடக்காது.

அடையாள அட்டைகளையெல்லாம் தலைவரே ஒரு பையில் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. அசல் அட்டையை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காட்ட வேண்டிய இடத்தில், பை வைத்திருப்பவர் வரிசையின் வேறு மூலையில் இருந்தால் எல்லாரும் நிற்க வேண்டியதுதான். கழுத்தில் தொங்கும் சிறு பையில் அட்டையையும், தன் பெயரின் கீழே கோடிட்ட டிக்கெட் நகலையும் அவரவரே வைத்திருப்பது நல்லது. அந்த நகலின் பின்பக்கத்தில் தலைவரின் செல்பேசி எண்ணும் முனையத்தின் பெயரும் இருக்கட்டும். சென்னையில் உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 என்று இரண்டு முனையங்களிலிருந்து புறப்படுகின்றன. மகன் காரில் கொண்டுவந்து மற்றதில் இறக்கிவிட்டுப் போய்விட்டால், எண்ணிக்கை வாசலிலேயே குறைந்துவிடும்.

இனி எண்ணுவது. பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்ததும் எண்ணிப் பார்த்த கதை நமக்குத் தெரியும். எண்ணுகிறவர் தன்னை விட்டுவிடுவார், ஆள் குறையும். குழுத் தலைவர்களுக்கும் அதேதான் நேர்கிறது. ஒருமுறை தன்னைச் சேர்த்து எண்ணுவார், அடுத்தமுறை சேர்க்காமல் எண்ணுவார். ‘42 என்றால் என்னையும் சேர்த்து’ என்று பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். அதைவிடப் பெரிய தவறு, கூட்டத்தைப் பார்த்து விரல் நீட்டி எண்ணுவது. நடமாடும் கூட்டத்தில் ஒருவரை இரண்டுமுறை எண்ணிவிடுவோம். காணாமல்போனவரின் இடம் அதில் நிரம்பிவிடும். கணக்கு சரியாக வரும், ஆள் இருக்கமாட்டார்.

42 பேரை ஆறு ஆறாகப் பிரித்து ஏழு சிறு குழுக்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் இளையவர் ஒருவரைப் பொறுப்பாக்கினால் வேலை எளிதாகிறது. கணவன் மனைவியையும் அக்கா தங்கையையும் ஒரே சிறு குழுவில் போட வேண்டும். தலைவர் ஏழு பேரிடம் மட்டும் கேட்டால் போதும். ஆனால் கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பது முக்கியம். “எல்லாரும் இருக்காங்களா?” என்று கேட்டால், “இருக்காங்க இருக்காங்க” என்ற பதில்தான் வரும். “மாமி, உங்க ஆறு பேரையும் இப்போ முகம் பார்த்தீங்களா?” என்று கேட்டால் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கும்போதுதான், “ராஜம் அக்கா தண்ணி பிடிக்கப் போனாங்களே” என்ற சொல் வரும். யார் இல்லை என்பதும் கடைசியாக எங்கே இருந்தார் என்பதும் அதே மூச்சில் தெரிந்துவிடுகிறது.

எங்கே எண்ணுவது என்பதிலும் ஒரு முறை உண்டு. திரும்பி வர முடியாத கதவைத் தாண்டுவதற்கு முன் ஒன்று, தாண்டியபின் ஒன்று. அப்படிப்பட்ட முக்கியமான கதவு பாதுகாப்புச் சோதனை. இங்கேதான் குழு அதிகம் சிதறும். ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். கைப்பை ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவார். யாத்திரைக் குழுவில் பைகள் அடிக்கடி ஒதுக்கப்படுவதற்கு அதில் இருக்கும் பொருள்களே காரணம். கற்பூரமும் தீப்பெட்டியும் எரியக்கூடியவை. கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. கொப்பரைத் தேங்காயும் எண்ணெய் மிகுந்தது என்பதால் அப்படித்தான். பெட்டிக்குள் போட்ட பவர்பேங்க் வேறு பெரிய தொல்லை. அது கைப்பையில் மட்டும்தான் வரலாம். திரும்பும்போது கங்கை நீர் அடைத்த சொம்பைக் கைப்பையில் வைத்தால் கேள்வி எழும், கீழே போகும் பெட்டியில் துணி சுற்றி வைத்துவிடலாம். ஒருவரின் பை ஒதுக்கப்பட்டால் அவருக்காக நான்கு பேர் நிற்பார்கள். மற்றவர்கள் அவர்கள் முன்னால் போய்விட்டதாக நினைத்து நடப்பார்கள். இதற்காகத்தான் இரண்டு பொறுப்பாளர்கள் தேவை. ஒருவர் முதலில் சோதனை முடித்து மறுபக்கம் ஒரு தூணருகே பட்டியலோடு நிற்க வேண்டும். மற்றவர் கடைசி ஆளாக உள்ளே வர வேண்டும். அவருக்குப் பின்னால் குழுவில் யாரும் இல்லை என்பது உறுதி.

வீல்சேர் கேட்டவர்களைத் தனிக் குழுவாகவே வைத்துக்கொள்ள வேண்டும். 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். படி ஏற முடியும், நெடுந்தூரம் நடக்க முடியாது என்றால் டிக்கெட்டில் WCHR என்று இருக்கும். படியே ஏற முடியாதவருக்கு WCHS. இந்த வேறுபாட்டைச் சரியாகச் சொல்லாவிட்டால், ஏணிப்படி வைத்து ஏற்றும் விமானத்தின் அடியில் போய் நிற்க நேரும். வீல்சேரைத் தள்ளுகிற ஊழியர் வேறு வழியில் அழைத்துச் சென்று, குழுவுக்கு முன்பே கேட்டில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவார். விமானத்தில் அவர்கள் முதலில் ஏறுவார்கள், இறங்கும்போது கடைசியில் வருவார்கள். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், கணவரைக் காணவில்லை என்று மனைவி வாசலை நோக்கித் திரும்பி நடப்பார்.

கேட்டை அடைந்ததும் கொஞ்சம் ஆசுவாசம் வரும். ஆனால் தவறவிடுகிறவர்கள் பலர் இங்கே உட்கார்ந்தே தவறவிடுகிறார்கள். பல பெரிய நிலையங்களில் முன்போல் எல்லா இடத்திலும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் கூப்பிடுவதில்லை. கேட்டருகே மட்டும்தான் அழைப்பு. “கூப்பிடுவாங்க தம்பி” என்று தூரத்து நாற்காலியில் காத்திருப்பவருக்கு அது எட்டாது. உள்நாட்டு விமானங்களில் பெட்டி போடும் கவுன்ட்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடும்; கேட் சுமார் 25 நிமிடம் முன்பு மூடும். டிக்கெட்டிலுள்ள புறப்பாட்டு நேரத்தை ஒருபோதும் குழுவிடம் சொல்லக்கூடாது, கேட் மூடும் நேரத்தை மட்டும் சொல்ல வேண்டும்.

அப்படியும் ஒருவர் குறைந்தால் தலைவர் தேடிப் போகக்கூடாது. அவர் நகர்ந்தால் குழுவுக்கு இரண்டு பேர் காணாமல்போகிறார்கள். காணாதவரின் சிறு குழுப் பொறுப்பாளர் கடைசியாகப் பார்த்த இடத்துக்கும், பெண் என்றால் ஒரு பெண் கழிவறைக்கும் போகட்டும். தலைவர் கேட் ஊழியரிடம் பெயரையும் இருக்கை எண்ணையும் சொல்லிவைக்கட்டும்.

திரும்பும் பயணத்தில் எண்ணிக்கை தவறுவது பெரும்பாலும் சென்னையில், பெட்டி வரும் பட்டையின் அருகில். வெளியே மகளும் பேரனும் கையசைப்பார்கள். தன் பெட்டி வந்ததும் அவரவர் நடந்துவிடுவார்கள். போகிறவர் பட்டியலில் தன் எண்ணுக்கு எதிரே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று காசியிலேயே சொல்லிவைக்க வேண்டும். வீல்சேரில் வருகிறவர்கள் வந்துசேரும்வரை அவர்களுடைய பெட்டிகளை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும். யாருடைய பெட்டியாவது வரவில்லையென்றால், அந்தக் கூடத்தைவிட்டு வெளியேறுவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் மேசையில் எழுத்தில் புகார் கொடுத்து, அதன் எண்ணைப் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் குறித்துவைக்க வேண்டும்.