வீட்டுக் கோப்புச் சேமிப்பு: ஆயத்த 'நாஸ்' பெட்டியா, பழைய கணினியா? மின்கட்டணம் சொல்லும் கணக்கு

புதுடெல்லி: செல்போனில் எடுத்த புகைப்படங்களும் காணொலிகளும் பெருகப் பெருக, இணையவழிச் சேமிப்புக்கான மாதக் கட்டணமும் உயர்ந்துகொண்டே போகிறது. அனைத்தையும் வீட்டிலேயே ஓரிடத்தில் வைத்து, குடும்பத்தினர் எல்லோரும் வைஃபை வழியாக எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோருக்கு இரண்டு வழிகள் உள்ளன. சினாலஜி, கியூநாப் போன்ற நிறுவனங்கள் மென்பொருளுடன் விற்கும் 'நாஸ்' எனப்படும் சிறிய பெட்டியை வாங்கி, அதில் ஹார்டு டிஸ்க்குகளைச் செருகிவிடுவது ஒரு வழி. ஒரு கணினியில் ட்ரூநாஸ், ஓபன்மீடியாவால்ட் போன்ற கட்டணமில்லா மென்பொருளை நிறுவி, கோப்பு சர்வரைத் தாமே அமைத்துக்கொள்வது மற்றொரு வழி.

இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். வேகத்திலும் பெரிய வேறுபாடு கிடையாது. வீடுகளில் வழக்கமாக உள்ள கிகாபிட் நெட்வொர்க்கில் விநாடிக்குச் சுமார் 110 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது. இன்றைய ஹார்டு டிஸ்க் ஒன்றே இதைவிட வேகமாகப் படிக்கக்கூடியது. எனவே கோப்புகளைச் சேமிக்க மட்டும் சக்திவாய்ந்த பிராசஸர் வாங்குவது வீண் செலவாகும். ஆண்டு முழுவதும் அணைக்கப்படாமல் ஓடும் இக்கருவி எவ்வளவு மின்சாரம் எடுக்கும், எவ்வளவு சத்தம் போடும், நாளை இடம் போதாதபோது எப்படி விரியும் என்பவையே உண்மையில் முடிவு செய்ய வேண்டியவை.

200 யூனிட் எல்லைக் கோடு

டெல்லியில் இரண்டு அறைக் குடியிருப்பில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சேர்ந்திருக்கும் கோப்புகள் இரண்டரை டெராபைட். தலா 4 டெராபைட் கொண்ட இரண்டு டிஸ்க்குகளை வாங்கி, ஒன்றின் நகலாக மற்றொன்று இயங்கும் 'மிரர்' முறையில் வைக்கத் திட்டம். வீட்டில் பத்தாண்டுப் பழமையான மேசைக் கணினி ஒன்று பயனின்றிக் கிடக்கிறது. அதையே சர்வராக்கினால் செலவு மிச்சம் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும்.

அத்தகைய பழைய மேசைக் கணினி, இரு டிஸ்க்குகளுடன் வேலையின்றிச் சும்மா இருக்கும்போதே 45 வாட் அளவுக்கு மின்சாரம் எடுப்பது இயல்பு. அதன் பவர் சப்ளை முந்நூறு, நானூறு வாட் சுமைக்காக வடிவமைக்கப்பட்டது. குறைந்த சுமையில் அதன் திறன் சரிந்துவிடும். இரு டிஸ்க் பொருத்திய ஆயத்தப் பெட்டிகள் ஏறக்குறைய 15 முதல் 17 வாட் வரை எடுக்கின்றன. இன்டெல் நிறுவனம் 2023-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளியிட்ட என்100 பிராசஸர் கொண்ட சிறிய மதர்போர்டில் புதிதாகக் கட்டினால், நல்ல பவர் சப்ளையுடன் 20 வாட் அளவில் நிறுத்த முடியும்.

30 நாள் இடைவிடாமல் ஓடினால் 45 வாட் என்பது 32 யூனிட். 16 வாட் என்பது பதினொன்றரை யூனிட். 20 வாட் என்பது 14 யூனிட்டுக்குச் சற்று அதிகம். டெல்லியில் மானியம் பெறும் வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை மின்கட்டணம் கிடையாது. அதைக் கடந்தால் 400 யூனிட் வரை பாதி மானியம் மட்டுமே. மேற்கண்ட குடும்பம் மிதமான பருவத்தில் மாதம் 185 யூனிட் பயன்படுத்துவதாகக் கொண்டால், பழைய கணினி அதை 217-க்குக் கொண்டுபோய்விடும். மின்கட்டணமே இல்லாதிருந்த வீட்டுக்குக் கட்டணச் சீட்டு வரத் தொடங்கும். ஆயத்தப் பெட்டியானால் 197-க்குள் நிற்கும். என்100 கணினியும் 200-ஐத் தொடாமல் நூலிழையில் தப்பும்.

மானியம் இல்லாத இடங்களில் கணக்கு இன்னும் நேரடியானது. ஓராண்டு முழுவதும் எரியும் ஒவ்வொரு வாட்டும் 8.76 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் செலுத்தும் வீட்டில் இது சுமார் 70 ரூபாய். பழைய கணினிக்கும் ஆயத்தப் பெட்டிக்கும் இடையிலான 29 வாட் வேறுபாடு ஆண்டுக்கு 2 ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. ஐந்தாண்டில் 10 ஆயிரம் ரூபாய். 'சும்மா கிடந்த' கணினி உண்மையில் இலவசமல்ல.

இங்கு கூறிய வாட் அளவுகள் கணினிக்குக் கணினி மாறும். சொந்தக் கணினியின் அளவை அறிய, சுவர் சாக்கெட்டில் செருகும் வாட் மீட்டரோ மின் அளவு காட்டும் ஸ்மார்ட் பிளக்கோ போதும். கணினியை இயக்கி, பத்து நிமிடம் எதுவும் செய்யாமல் விட்ட பிறகு தெரியும் எண்ணையே கணக்கில் கொள்ள வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அளப்பதற்கு முன் அதைக் கழற்றிவிடுவது நல்லது. கோப்பு சர்வருக்கு அதனால் பயனில்லை.

இரவில் கேட்கும் 'கிரிக்' ஒலி

சத்தம் என்றவுடன் ஃபேனைத்தான் பலர் நினைக்கின்றனர். ஆனால் சிறிய சர்வர்களில் அதிகம் தொந்தரவு தருவது ஹார்டு டிஸ்க்கே. அதன் முள் நகரும் ஒலி தாழ்வானதாயினும், அதிர்வு மேசைப் பலகைக்குள் இறங்கினால் பலகையே ஒலிபெருக்கிபோல் ஆகிவிடும். ஆயத்தப் பெட்டிகள் சிறியவை, எடை குறைந்தவை என்பதால் இந்த அதிர்வை அவை நன்றாகவே கடத்துகின்றன. அடியில் தடித்த ரப்பர் அல்லது ஃபோம் துண்டு வைத்தால் கணிசமாகக் குறையும். தாமே கட்டும் கணினியில் கனமான பெட்டியையும், மெதுவாகச் சுழலும் 120 மில்லிமீட்டர் ஃபேனையும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உண்டு. சத்தத்தைப் பொறுத்தவரை, கவனமாகக் கட்டியவருக்கே வெற்றி.

ஆயினும் தாமே கட்டுபவரைக் குழப்பும் சிக்கல் ஒன்று உண்டு. ட்ரூநாஸ் பயன்படுத்தும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை, எழுத வேண்டிய தரவுகளைச் சேர்த்துவைத்து, இயல்பு அமைப்பில் ஐந்து விநாடிக்கு ஒருமுறை டிஸ்க்கில் இறக்கும். யாரும் பயன்படுத்தாத நள்ளிரவிலும் ஏதேனும் ஒரு செயலி சிறு குறிப்பை எழுதிக்கொண்டே இருந்தால், ஐந்து விநாடிக்கு ஒருமுறை 'கிரிக்' என்ற ஒலி கேட்கும். டிஸ்க் பழுதாகிவிட்டதோ என்று அஞ்சத் தேவையில்லை. செயலிகளையும் அமைப்புக் கோப்புகளையும் ஒரு சிறிய எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டால் ஒலி அடங்கும். அதன்பின் டிஸ்க்குகளை ஓய்வு நிலைக்குச் செல்லவும் அனுமதிக்கலாம். ஒவ்வொன்றும் மூன்று, நான்கு வாட் மிச்சமாகும். டிஸ்க் உண்மையிலேயே உறங்குகிறதா என்பதைக் கீழ்க்கண்ட கட்டளை காட்டும்:

```
hdparm -C /dev/sda
```

விடையாக `standby` என வந்தால் உறங்குகிறது. `active/idle` என வந்தால் சுழன்றுகொண்டிருக்கிறது. ஆனால் அரை மணிக்கு ஒருமுறை யாரேனும் எழுப்பும் வீட்டில் இந்த ஓய்வு தேவையில்லை. ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் காத்திருக்க நேரும். அடிக்கடி நின்று தொடங்குவது டிஸ்க்குக்குத் தேய்மானமும் ஆகும்.

சத்தத்துக்குப் பயந்து பெட்டியை அலமாரிக்குள் மூடிவைப்பது ஆபத்தானது. பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வெப்பநிலை 60 முதல் 65 டிகிரி செல்சியஸ். வட இந்தியக் கோடையில் அறையே 40 டிகிரியைத் தொடும்போது, காற்றோட்டமில்லா அலமாரியில் அந்த எல்லை வெகு தொலைவில் இல்லை.

இடம் போதாதபோது

இரு டிஸ்க் பெட்டியில் மூன்றாவது டிஸ்க்குக்கு இடம் கிடையாது. 4 டெராபைட் நிரம்பினால், ஒரு டிஸ்க்கைக் கழற்றிப் பெரியதைச் செருகி, நகல் முழுமை பெறும் வரை காத்திருந்து, பின்னர் மற்றதையும் மாற்ற வேண்டும். 4 டெராபைட் நகலாவதற்கு ஒரு முறைக்கு எட்டு மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் தரவு ஒரே டிஸ்க்கை நம்பி இருக்கும். தாமே கட்டும் கணினியில் மதர்போர்டில் சாட்டா இணைப்பு மீதமிருந்தால் இன்னொரு ஜோடி டிஸ்க்குகளைச் சேர்த்துவிடலாம். எனினும் சிறிய என்100 போர்டுகள் சிலவற்றில் இரண்டே சாட்டா இணைப்புகள் இருப்பதால், வாங்குமுன் எண்ணிப் பார்ப்பது அவசியம்.

டிஸ்க் தேர்விலும் கவனம் தேவை. தரவுத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகள், நகல் புதுப்பிக்கும்போது மிகவும் தடுமாறும். சில நாஸ் டிஸ்க்குகள் இவ்வகையைச் சேர்ந்தவை என்பது 2020-இல் தெரியவந்தபோது வாங்கியவர்களிடையே பெரும் அதிருப்தி எழுந்தது. தயாரிப்பாளரின் விவரத்தாளில் சிஎம்ஆர் என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

ஆயத்தப் பெட்டியின் ஆயுளை நிர்ணயிப்பது பெரும்பாலும் அதன் மென்பொருளே. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' கருவிகளுக்கு 2015-க்குப் பின் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரவில்லை. 2021 ஜூனில் இணையம் வழியே அவற்றில் பலவற்றின் தரவுகள் அழிக்கப்பட்டன. நிறுவனத்தின் கொள்கையும் மாறக்கூடும். சினாலஜி நிறுவனம் 2025-ஆம் ஆண்டின் 'பிளஸ்' வகைப் பெட்டிகளில் பிற நிறுவன டிஸ்க்குகளுக்குக் கட்டுப்பாடு விதித்து, அதே ஆண்டு அக்டோபரில் வெளியான புதுப்பிப்பில் அதைத் தளர்த்தியது. தாமே கட்டியவருக்கு இந்தக் கவலை இல்லை. போர்டு பழுதானால் டிஸ்க்குகளை வேறொரு கணினியில் செருகி, அதே மென்பொருளை நிறுவித் தரவைத் திறக்கலாம். அதற்கு ஈடாக, புதுப்பிப்பு ஒன்று சிக்கலானால் சரிசெய்ய வேண்டியவரும் அவரே. வீட்டில் அதை அறிந்தவர் ஒருவர் மட்டும் இருந்து, அவர் வெளியூரில் இருக்கும்போது புகைப்படம் திறக்கவில்லை என்று அழைப்பு வந்தால் என்ன செய்வது என்பதையும் யோசித்தாக வேண்டும்.

எவ்வழியானாலும் யூபிஎஸ் தேவை. மின்வெட்டின்போது பேட்டரி தீருமுன் சர்வர் தானாக அணைய வேண்டுமானால், யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி இணைப்பு இருக்க வேண்டும். மலிவான பல மாடல்களில் அது இருப்பதில்லை.

மேற்கண்ட டெல்லிக் குடும்பத்துக்கு இரு டிஸ்க் ஆயத்தப் பெட்டியே பொருத்தம். கோப்புகள் இன்னும் வேகமாகப் பெருகும் வீட்டுக்கும், நான்கு டிஸ்க்குகளுக்கு மேல் தேவைப்படுவோருக்கும், மென்பொருளைக் கையாளத் தயங்காதவருக்கும் என்100 போன்ற சிக்கனமான கணினி ஏற்றது. பழைய மேசைக் கணினியை எறிய வேண்டியதில்லை. மிரர் முறை டிஸ்க் பழுதிலிருந்து மட்டுமே காக்கும். தவறுதலாக அழித்த கோப்பு இரு டிஸ்க்குகளிலும் ஒருசேர அழிந்துவிடும். எனவே தனிப் பிரதி ஒன்று தேவை. பழைய கணினியில் ஒரு டிஸ்க்கைப் பொருத்தி, ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் மட்டும் இயக்கி, புதிய கோப்புகளை நகலெடுத்துவிட்டு அணைத்துவிடலாம். மாதத்துக்கு ஒரு யூனிட் கூட ஆகாது. மற்ற நாள்களில் அது அணைந்தே இருப்பதால், இணையம் வழி வரும் தாக்குதலும் அந்தப் பிரதியை எட்டாது.