தெருவுக்கு வந்த கூட்டமா, கடைக்கு வந்த கூட்டமா?

சாயங்காலம் ஐந்தரை மணி. கோவை சரவணம்பட்டியில், சத்தி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் பேக்கரி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐ.டி. கம்பெனிகள் விட்டதும் இளைஞர்கள் வந்து டீயும் பப்ஸும் கையுமாக நிற்கிறார்கள். வாசலில் பைக் நிறுத்த இடமில்லை. மாடியில் குடியிருக்கும் கட்டட உரிமையாளர் இதைத் தினமும் பார்க்கிறார். அக்ரிமென்ட் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது கீழே இறங்கி வருகிறார்.

“கூட்டமெல்லாம் நல்லாத்தான வருது தம்பி. இந்தத் தடவ முப்பத்தாறா போட்டுக்கலாம்.”

“அண்ணா, வியாபாரமே இல்லீங்ணா!”

பேச்சு கெட்டுப்போவது இந்தப் பதிலில்தான். கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்லும் ஆளிடம் உரிமையாளர் அதற்கப்புறம் எதையும் நம்பமாட்டார். உண்மையில் கடைக்காரரிடம் இதைவிட நல்ல பதில் இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டு எடுத்து வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்று வருடமாக வாடகை 24,000 ரூபாய். உரிமையாளர் கேட்பது 36,000. மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாளைக்குச் சராசரியாக 220 பில், இன்று 360. கூட்டம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்று ஒரு பில்லுக்கு 55 ரூபாய் வந்தது, இன்று 48தான் வருகிறது. அன்று வந்தவர்கள் பக்கத்து வீடுகளில் இருந்த குடும்பங்கள். ரொட்டி, பன், அரை கிலோ மிக்சர், பிறந்தநாள் கேக் என்று பார்சல் வாங்கிப் போனார்கள். இன்று கூடி நிற்பவர்கள் ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டு அரை மணி நேரம் பேசிவிட்டுப் போகிறார்கள். மாடியிலிருந்து பார்த்தால் தலைதான் தெரியும், பில் தெரியாது.

மாத விற்பனை 3,63,000 ரூபாயிலிருந்து 5,18,400 ஆகியிருக்கிறது. சரக்குச் செலவு போக அன்று நூற்றுக்கு 38 ரூபாய் நின்றது. பால், வெண்ணெய், எண்ணெய் எல்லாம் விலை ஏறிய அளவுக்கு டீ விலையை ஏற்ற முடியாததால் இன்று 35தான் நிற்கிறது. அப்படியும் சரக்குப் போக நிற்பது 1,37,940லிருந்து 1,81,440 ஆக, மாதம் 43,500 ரூபாய் கூடியிருக்கிறது. இந்தக் கூட்டத்தைச் சமாளிக்கப் புதிதாக வைத்த ஆளுக்குச் சம்பளம் 18,000. டீ மாஸ்டருக்குக் கூட்டிக் கொடுத்தது 6,000. கேஸும் கரண்டும் 5,500. ஆக, கூட்டம் கொண்டுவந்த மிச்சம் 14,000 ரூபாய். உரிமையாளர் அதில் 12,000 கேட்கிறார்.

பேச்சுவார்த்தை முழுக்க நடக்கவேண்டியது இந்த 14,000 ரூபாய்க்குள்தான். அதில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதை முதலில் நீங்கள் முடிவு செய்துவிட வேண்டும். பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது என் கருத்து. அப்படியானால் உச்சம் 31,000. கீழ்வரம்பு ஊர் வழக்கம்: வருடத்துக்கு ஐந்து சதவீதம் அல்லது மூன்று வருடத்துக்குப் பதினைந்து என்பது பல இடங்களில் பேசப்படுகிற கணக்கு. அதன்படி 27,600.

ஒரு எச்சரிக்கை. விற்பனையில் வாடகை எத்தனை சதவீதம் என்று பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதை இந்தக் கடைக்காரர் எடுத்தால் அவருக்கே எதிராகத் திரும்பும். அன்று வாடகை விற்பனையில் 6.6 சதவீதம்; இன்று 4.6 ஆகக் குறைந்திருக்கிறது. 36,000 கொடுத்தாலும் 6.9தான். “முன்னே கொடுத்த அளவுதானே?” என்று உரிமையாளர் கேட்டால் பதில் சொல்வது கடினம். ஆகவே மொத்த விற்பனையைக் காட்டவே வேண்டாம். ஒரு பில்லுக்குச் சராசரி எவ்வளவு என்பதை மட்டும் காட்டுங்கள். பில் மெஷின் இருந்தால் மூன்று வருடத்துக்கும் அது கிடைக்கும். இல்லாவிட்டால் சாதாரண நாள் இரண்டு, ஒரு ஞாயிறு என்று நான்கு வாரம் நோட்டில் கோடு போட்டு எண்ணி, கல்லாப் பணத்தை அந்த எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கேள்விதான் தலைப்பில் இருப்பது. கூட்டம் தெருவுக்கு வந்ததா, கடைக்கு வந்ததா? இதற்கு விடை பக்கத்துக் கடைகளில் இருக்கிறது. மெடிக்கல், ஜெராக்ஸ், சலூன் எல்லாவற்றிலும் வியாபாரம் ஏறியிருந்தால் கூட்டம் தெருவுடையது. அந்த இடத்தின் மதிப்பு உண்மையிலேயே உயர்ந்திருக்கிறது; உரிமையாளர் அதில் பங்கு கேட்பது நியாயம். நீங்கள் போனாலும் அந்த வாடகைக்கு இன்னொருவர் வருவார். பக்கத்துக் கடைகள் அப்படியே இருக்க, உங்கள் வாசலில் மட்டும் கூட்டம் என்றால் அது உங்கள் டீக்கு வந்த கூட்டம். நீங்கள் நாலு கட்டடம் தள்ளிப் போனால் அதில் பெரும்பகுதி உங்களோடு வந்துவிடும். இதை உரிமையாளரிடம் மிரட்டலாகச் சொல்லத் தேவையில்லை. அதே தெருவில் எத்தனை ஷட்டர் ‘வாடகைக்கு’ அட்டையோடு மூடிக் கிடக்கிறது, எத்தனை மாதமாக என்று எண்ணி வைத்துக்கொண்டால் போதும்.

ஏனென்றால் காலிக் கடை உரிமையாளருக்குத்தான் முதலில் வலிக்கும். நீங்கள் 29,000 தருகிறேன் என்கிறீர்கள், அவர் 36,000தான் என்று நிற்கிறார். வித்தியாசம் மாதம் 7,000. நீங்கள் காலி செய்து, கடை மூன்று மாதம் சும்மா கிடந்தால் 87,000 ரூபாய் போச்சு. புது ஆளைப் பிடித்துத் தரும் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை என்றால் 36,000. மொத்தம் 1,23,000. மாதம் 7,000 கூடுதலாக வந்து இந்தப் பள்ளம் நிரம்ப, புது ஆள் வந்த பிறகு பதினேழு பதினெட்டு மாதம் ஆகும். இதை ஒரு தாளில் எழுதி, மரியாதையோடு முன்னால் வைக்கலாம்.

இந்த வாதம் ஒரு இடத்தில் செல்லாது: கையில் காசோடு ஒரு பெரிய கம்பெனிக் கடை ஏற்கெனவே காத்திருந்தால். “ஆள் ரெடியா இருக்காங்க” என்று எல்லா உரிமையாளரும் சொல்வதுதான். ஆனால் உண்மையான ஆள் வந்தால் அடையாளம் இருக்கும். டேப்பைப் பிடித்து அளப்பார்கள், கரண்ட் லோடு எவ்வளவு என்று விசாரிப்பார்கள், கட்டட வரைபடம் கேட்பார்கள். அப்படி யாரும் வந்து போகவில்லையென்றால் நிதானமாகவே பேசலாம். வந்திருந்தால் 31,000ஐயும் தாண்டிப் போவதா, இடம் மாறுவதா என்று உட்கார்ந்து யோசிக்கவேண்டியதுதான்.

உங்கள் பக்கத்திலும் வலி உண்டு, அது உரிமையாளருக்கும் தெரியும். ஓவன், டைல்ஸ், கண்ணாடி ஷோகேஸ், போர்டு என்று போட்ட பணத்தில் பாதி பெயர்த்தெடுக்கும்போதே போய்விடும். உணவு உரிமத்தைப் புது இடத்துக்கு ஏற்பச் சரிசெய்யவேண்டும், ஜி.எஸ்.டி. பதிவில் முகவரி மாற்றவேண்டும். அக்ரிமென்ட் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது பேச்சு ஆரம்பித்தால் வேறு இடம் தேட நேரமே இருக்காது. சொன்ன தொகைக்குத் தலையாட்ட வேண்டிவரும். ஆறு மாதம் முன்பே நீங்களாகப் போய்ப் பேச்சை எடுப்பது நல்லது.

மாதமும் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் புதுக்கடை திறக்கப் பலரும் தயங்குவார்கள். ஆனி முடிவில் கடை காலியானால் ஆவணி வரை ஆள் கிடைப்பது சிரமம் என்று உரிமையாளருக்கும் தெரியும். ஆனால் அக்ரிமென்ட் தீபாவளிக்கு முந்தைய மாதம் முடிகிறதென்றால் நிலைமை தலைகீழ். ஸ்வீட் ஆர்டர் எடுத்துவிட்டு எந்த பேக்கரிக்காரரும் கடையைப் பெயர்க்கமாட்டார். புதுப்பிக்கும்போதே முடிவுத் தேதியை அங்கிருந்து நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் வாடகையைக் குறைத்துத் தரும் என்று சிலர் இன்னும் நம்புகிறார்கள். நியாய வாடகையை நிர்ணயிக்க வழி வைத்திருந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை என்பது இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்ட தொகைதான். உடன்பாடு வராமல் போவதையே காலி செய்யச் சொல்லும் காரணமாகக் காட்டவும் அதில் இடமிருக்கிறது. எனவே பேசி முடிப்பதைத் தவிர வழியில்லை. பேசி முடித்ததை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவதும் அவசியம்.

தொகையில் சிக்கிக்கொண்டால் காலத்தைப் பேச்சுக்குள் கொண்டுவாருங்கள். இந்த பேக்கரிக்காரர் இப்படிக் கேட்கலாம்: “முதல் வருஷம் 29,000, அடுத்தது 30,500, மூணாவது 32,000. மூணு வருஷத்துக்குச் சேர்த்து எழுதிக்கலாமுங்ணா.” உரிமையாளருக்கு வருடா வருடம் ஏற்றம் கிடைக்கிறது, மூன்றாம் வருடம் அவர் கேட்டதை நெருங்கிவிடுகிறது. உங்களுக்குப் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பேச்சு வராது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாகவேண்டும். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், எழுத்துக்கூலி எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு மாத வாடகை அளவுக்குப் போகலாம். அதை மிச்சப்படுத்தத்தான் எல்லோரும் பதினோரு மாதம் எழுதுகிறார்கள். வளர்கிற கடைக்கு அது தவறான சிக்கனம் என்று அழுத்திச் சொல்வேன்.

வாடகை ஏறும்போது அட்வான்சையும் பத்து மாதக் கணக்குக்கு ஏற்றிக் கேட்பார்கள். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். ஏற்கெனவே பத்து மாதம் கொடுத்தவர் அதைத் திரும்பக் கேட்டுச் சண்டை போடமாட்டார்; கூடுதலாகத் தரமாட்டேன் என்று சொல்ல அது உதவும். ஜி.எஸ்.டி. வாடகைக்குள் அடக்கமா தனியா என்பதையும் எழுதிவிடுங்கள். உரிமையாளர் பதிவு பெற்றவர் என்றால் 29,000க்கு 18 சதவீதம், அதாவது 5,220 ரூபாய். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்காரரால் அதைக் கழித்துக்கொள்ள முடியாது. கணக்குப் போட்டுச் சேர்த்த மிச்சத்தில் பெரும்பகுதி அந்த ஒரு வரியில் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஷட்டருக்கும் தெருவுக்கும் நடுவே இருக்கும் பத்தடி வாசல் யாருடையது என்று பழைய அக்ரிமென்ட்டில் ஒரு வார்த்தையும் இருக்காது. கூட்டம் நிற்பதும் பைக் நிற்பதும் அங்கேதான். அந்த இடத்தைப் பானிபூரி வண்டிக்கு மாதம் ஐயாயிரத்துக்கு விட்டால் என்ன என்று உரிமையாளருக்கு ஒருநாள் தோன்றலாம். வாசல் இடம் இந்தக் கடையின் உபயோகத்துக்கு மட்டும், நீள அகலம் இவ்வளவு என்று அளந்து, கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்திரத்திலேயே எழுத வையுங்கள்.