ஒப்புகைச் சீட்டும் மாதத் தவணையும்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடி வைத்திருக்கும் சம்சாரிக்குப் பணம் வருவது அறுவடையில். கடன்காரரோ மாதந்தோறும் கேட்கிறார். இவ்விரண்டு காலக் கணக்குகளையும் இணைக்கும் காகிதமே கடன் ஒப்புகைச் சீட்டு. அதை அலங்கார வாசகங்களால் அன்று, சந்தேகத்துக்கு இடமற்ற சொற்களாலேயே செப்பனிட வேண்டும்.

உதாரணமாக, 2022 ஜூன் 14 அன்று வியாபாரி ஒருவரிடம் ரூ. 2,40,000 கைமாற்று வாங்கிய விவசாயி, 2025 ஏப்ரல் 20 அன்று இப்படி எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "தங்கள் பாக்கியை முடிந்தபோது மாதாமாதம் கொடுத்துவிடுகிறேன்." எவ்வளவு பாக்கி, எந்தக் கடன், எந்தத் தேதி என்பவற்றில் எதுவும் இதில் இல்லை, "முடிந்தபோது" என்ற ஒரு சொல்லே வாக்குறுதி முழுவதையும் கரைத்துவிடுகிறது.

அதைத் திருத்தினால் இவ்வாறு அமையும்: "14-6-2022 அன்று தங்களிடம் கைமாற்றாகப் பெற்ற ரூ. 2,40,000 (இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்) முழுவதும் இன்றுவரை பாக்கி நிற்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை வட்டியின்றி, 5-5-2025 முதல் 5-4-2027 வரை, ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி ரூ. 10,000 வீதம் 24 தவணைகளில் செலுத்துகிறேன். அறுவடையில் கூடுதலாகச் செலுத்தும் தொகையைக் கடைசித் தவணைகளில் கழித்துக்கொள்ளவும். தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால் மீதி முழுவதையும் உடனே செலுத்தக் கடமைப்பட்டிருக்கிறேன்."

இதன் முதல் வாக்கியம் கடந்ததை ஒப்புக்கொள்கிறது. இரண்டாவது, வருவதற்கு வாக்களிக்கிறது. 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, வழக்குத் தொடுப்பதற்கான மூன்றாண்டுக் கெடு முடியுமுன் கையெழுத்திட்ட ஒப்புகை, அந்தத் தேதியிலிருந்து புதிய கெடுவைத் தொடங்கிவைக்கிறது. கெடு முடிந்தபின் வெறும் ஒப்புகை அதைச் செய்யாது. அப்போது, செலுத்துவதாக வெளிப்படையாக எழுதிக் கையெழுத்திட்ட வாக்குறுதிக்கே ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு பலம் தருகிறது. தவணை தவறினால் மீதி முழுவதும் என்ற ஷரத்து இல்லாவிடில், தவணைத் தேதி கடந்த தொகைக்கு மட்டுமே வழக்குத் தொடுக்க இயலும்.

தவணைத் தொகையை அறுவடையற்ற மாதத்தின் வருமானத்தைக் கொண்டே நிர்ணயிக்க வேண்டும். நல்ல விலை கிடைத்த மாதத்தின் உற்சாகத்தில் எழுதிய தொகை இரண்டாம் தவணையிலேயே தவறும். செலுத்தும் ஒவ்வொரு தொகையையும் சீட்டின் பின்புறம் தேதியுடன் குறித்து, கடனாளியே கையெழுத்திட வேண்டும். காலவரையறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு கேட்பது செலுத்தியவரின் எழுத்தையோ கையொப்பத்தையோதான், வாங்கியவரின் குறிப்பை அன்று.

வாக்குறுதி சேர்ந்த சீட்டுக்கு வெறும் ஒப்புகைக்குரிய முத்திரைத் தீர்வை போதாது என்பதையும் மறக்கலாகாது. எனவே கையெழுத்திடுமுன் வழக்கறிஞரிடம் காட்டி உரிய முத்திரையை அறிந்துகொள்ளுங்கள். இரண்டு பிரதிகள் எழுதி, ஒன்றை விவசாயியின் கையிலும் கொடுங்கள்.